குண்டூசி விளையாட்டும் கவிதையும்: இன்பத்தில் தரம் என்று ஒன்று உண்டா?

போன மாதம் ஊரில் ஒரு கூட்டம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்த்து அனுப்பிய ஒரு தொகை கையில் இருந்தது. அதைக் கொண்டு மைதானத்துக்கு இரவு வெளிச்சம் போடுவதா, பூட்டிக் கிடக்கும் வாசிகசாலையைத் திறப்பதா என்பதுதான் பேச்சு. ஒரு தம்பி எழும்பி, "வெளிச்சம் போட்டா ஒவ்வொரு நாளும் அறுபது பேர் வருவாங்க. வாசிகசாலைக்கு எத்தனை பேர் வருவாங்க, சேர்?" என்று எங்களைப் பார்த்தே கேட்டார். பின்வரிசையில் இருந்த ஹாஜியார் ஒருவர், "வாசிக்கிறதும் பந்தடிக்கிறதும் ஒண்டா மகன்?" என்றார். கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது.

அன்று எங்களுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. தம்பி கேட்டதும் ஹாஜியார் கேட்டதும் புதிய கேள்விகள் அல்ல. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னர் லண்டனில் இதே வழக்கு நடந்திருக்கிறது. அங்கும் தகராறு பொதுப் பணத்தில்தான் தொடங்கியது. எண்ணிக்கையைக் கேட்டவர் ஜெரமி பெந்தம். "இரண்டும் ஒன்றா?" என்று கேட்டவர், பெந்தமின் மடியில் வளர்ந்த பிள்ளை என்று சொல்லத்தக்க ஜோன் ஸ்டுவர்ட் மில். அந்தக் கதையை இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

எண்ணிப் பார்க்கச் சொன்ன மனிதர்

பெந்தம் 1748 இல் லண்டனில் பிறந்தவர். சட்டம் படித்தார். ஆனால் நீதிமன்றத்தில் வழக்காடப் போகாமல், சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் சின்னத் திருட்டுகளுக்கும்கூடத் தூக்குத் தண்டனை இருந்தது. ஏன் என்று கேட்டால், "அது பழைய வழமை" என்பார்கள். அல்லது "அதுதான் இயற்கை நீதி" என்பார்கள். பெந்தமுக்கு இந்தப் பதில்கள் போதவில்லை. 1789 இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரே ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு சட்டத்தால் பாதிக்கப்படும் மக்களுக்கு மொத்தத்தில் இன்பம் கூடுகிறதா, துன்பம் கூடுகிறதா? இன்பம் கூடினால் அது நல்ல சட்டம். இல்லாவிட்டால், எவ்வளவு பழையதானாலும் அது கெட்ட சட்டம். இதைத்தான் பயன்பாட்டுவாதம் என்கிறோம்.

அளப்பதென்றால் எப்படி? அதற்கும் அவர் வழி சொன்னார். ஓர் இன்பத்தைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்க வேண்டும். அது எவ்வளவு அழுத்தமானது? எவ்வளவு நேரம் நீடிக்கும்? கிடைப்பது நிச்சயமா? உடனே கிடைக்குமா, காத்திருக்க வேண்டுமா? மேலும் இன்பங்களைப் பெற்றுத் தருமா? பின்னால் துன்பத்தை இழுத்து வருமா? எத்தனை பேரைப் போய்ச் சேரும்? இவ்வளவுதான். இந்த ஏழிலும் "அது உயர்ந்ததா, கண்ணியமானதா?" என்ற கேள்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்றே விட்டது. பெந்தமின் தராசில் அரசனின் பல்வலிக்கும் கூலியாளின் பல்வலிக்கும் ஒரே நிறை. அந்த நாளில் இது சின்ன விஷயமல்ல.

எங்கள் வரலாற்றுப் பாடத்தில் வரும் 1833 ஆம் ஆண்டுக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதில் நீதித்துறை பற்றிய அறிக்கையை எழுதிய சார்ல்ஸ் ஹே கமரன் பெந்தமின் சிந்தனையைப் பின்பற்றியவர். ஆக, பெந்தமின் தராசு ஒரு காலத்தில் எங்கள் தீவின் நீதிமன்றங்களையும் நிறுத்துப் பார்த்திருக்கிறது.

இனி, குண்டூசி விளையாட்டு. அன்றைய ஆங்கிலச் சிறுவர்கள் மேசையில் ஆளுக்கொரு குண்டூசியை வைத்து விரலால் சுண்டுவார்கள். தன் ஊசி மற்றவனின் ஊசிக்கு மேலே குறுக்காக விழுந்தால் வெற்றி. மூளைக்கு வேலையே இல்லாத விளையாட்டு. வெகுமதிகள் பற்றிப் பெந்தம் எழுதி 1825 இல் ஆங்கிலத்தில் வந்த நூலொன்றில் இந்த விளையாட்டு வருகிறது. அங்கே அவர் கேட்ட கேள்வி, கலைகளுக்கும் விஞ்ஞானங்களுக்கும் அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டுமா என்பது. அவருடைய பதில் வாசித்தவர்களைத் திடுக்கிட வைத்தது. தப்பெண்ணத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால், இசைக்கும் கவிதைக்கும் உள்ள பெறுமதி குண்டூசி விளையாட்டுக்கும் உண்டு; அது கூடுதலான இன்பம் தந்தால் அதன் பெறுமதியும் கூடுதல் என்றார். கவிதையை ரசிப்பவர்கள் சிலர், குண்டூசியை எல்லோரும் விளையாடலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதைக் கேட்டு பெந்தம் ரசனை கெட்ட மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் இசைப் பிரியர். வீட்டில் ஓர்கன் வைத்திருந்தவர். அவருடைய கோபம் வேறு இடத்தில். ஏழையிடம் வரி வாங்கி, பணக்காரர் ரசிக்கும் கலைக்குச் செலவழிப்பது என்ன நியாயம்? மற்றவர்களின் ரசனை மட்டமானது என்று தீர்ப்புச் சொல்லும் விமர்சகர்கள், தங்களை மனித குலத்துக்கு உபகாரம் செய்பவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் மற்றவர்களின் சந்தோசத்தைக் கெடுப்பதுதான் அவர்கள் செய்யும் வேலை. இதுவே அவர் வாதம். எங்கள் கூட்டத்தில் எழும்பிய தம்பிக்குப் பின்னால் இப்படி ஒரு பெரிய மனிதர் நிற்கிறார்.

தராசில் புத்தகம் வெல்லாதா?

இந்த இடத்தில் ஓர் ஆசிரியருக்கு உடனே ஒரு பதில் தோன்றும். பெந்தமின் ஏழு கேள்விகளாலேயே வாசிகசாலையைக் காப்பாற்றலாமே? ஒரு புத்தகம் பத்து வருடம் இருக்கும், நூறு கை மாறும். செலவு குறைவு. கால் முறியாது. இன்று வாசித்தது நாளை இன்னொன்றை வாசிக்க வைக்கும். அழுத்தத்தில் கிரிக்கெட் வெல்லும். நீடிப்பிலும் பெருக்கத்திலும் புத்தகம் வெல்லும்.

மில் இந்தப் பதிலை அறிந்திருந்தார். தமக்கு முந்திய பயன்பாட்டுவாதிகள் அறிவு சார்ந்த இன்பங்களை இப்படித்தான் நியாயப்படுத்தினார்கள் என்று அவரே எழுதுகிறார். அவை நிலைத்தவை, ஆபத்தில்லாதவை, செலவு குறைந்தவை. வாதம் சரிதான், ஆனால் அது போதாது என்பது மில்லின் கருத்து.

ஏன் போதாது? அந்தக் காரணங்கள் எல்லாம் புத்தகத்துக்கு வெளியே இருப்பவை. நாளை ஒருவர் செலவே இல்லாத, காயமே வராத, எத்தனை வருடமானாலும் அலுக்காத ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தால் புத்தகம் தோற்றுவிடும். அப்போதும் எங்கள் ஹாஜியார், "இரண்டும் ஒண்டா மகன்?" என்றுதான் கேட்பார். அவருடைய கேள்வி நிறையைப் பற்றியது அல்ல. நிறுக்கப்படும் பொருளைப் பற்றியது. அந்தக் கேள்விக்குப் பெந்தமின் தராசில் இடம் இல்லை.

பன்றித் தத்துவம் என்ற ஏச்சு

இந்த வெற்றிடத்தை எதிராளிகள் கண்டுகொள்ளாமல் இருப்பார்களா? இன்பமே வாழ்வின் நோக்கம் என்று சொன்ன கிரேக்க அறிஞர் எபிகூரஸின் கூட்டத்தாரைப் பழைய காலத்திலேயே பன்றிகள் என்று ஏசியிருக்கிறார்கள். 1850 இல் தோமஸ் கார்லைல் அதே ஏச்சைப் புதுப்பித்தார். பன்றித் தத்துவம் என்று தலைப்பிட்டு, உலகம் முழுவதையும் ஒரு பெரிய தீவனத் தொட்டியாகக் காணும் பன்றிகளின் சட்டக்கோவை எப்படியிருக்கும் என்று நையாண்டி செய்தார். கார்லைல் சாதாரண ஆளல்ல. இங்கிலாந்தே வாசித்த எழுத்தாளர். ஒரு காலத்தில் மில்லின் நெருங்கிய நண்பரும்கூட.

ஏச்சில் ஒரு நியாயம் இருந்தது. இன்பத்தின் அளவு மட்டும்தான் கணக்கு என்றால், வயிறு நிறைந்து சேற்றில் கிடக்கும் பிராணி, கவலையோடு விழித்திருக்கும் மனிதனைவிட நல்ல வாழ்க்கை வாழ்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரலாம். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு மில்லின் தலையில் விழுந்தது. அந்தப் பதிலுக்கான விதை அவருடைய சொந்த வாழ்க்கையிலேயே முன்னர் விழுந்திருந்தது.

இருபது வயதில் வற்றிய மனம்

மில் 1806 இல் பிறந்தார். தகப்பன் ஜேம்ஸ் மில், பெந்தமின் வலது கை. மகனைத் தங்கள் கொள்கையின் வாரிசாக ஆக்க வேண்டும் என்று தீர்மானித்து, வீட்டிலேயே பாடம் தொடங்கினார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் இலத்தீன். விடுமுறை கிடையாது. வயதொத்த பிள்ளைகளோடு சேர்ந்து திரிய விடவில்லை. பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பனியின் லண்டன் அலுவலகத்தில் வேலை. அதோடு பெந்தம் எழுதிக் குவித்திருந்த கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்குபடுத்தி, ஐந்து பாகங்கள் கொண்ட சட்ட நூலாக்கும் வேலையும் அந்தப் பிள்ளையிடம் வந்தது.

1826 இன் பின்பகுதியில், இருபது வயதில், மில் தம்மிடமே ஒரு கேள்வி கேட்டார். நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால் உனக்குச் சந்தோசமாக இருக்குமா? உள்ளிருந்து வந்த பதில், "இல்லை." மக்களின் இன்பத்தைக் கூட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒருவரால் எந்த இன்பத்தையும் உணர முடியவில்லை. மாதக்கணக்கில் இந்த நிலை நீடித்தது. வேலைக்குப் போனார், எழுதினார், பேசினார். உள்ளே ஒன்றும் இல்லை. தகப்பனிடம் சொல்லவும் இல்லை. தகப்பனுக்கு இது விளங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வெளிச்சம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மார்மொண்டெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்க்கை நினைவுகளை வாசித்துக்கொண்டிருந்தார். தகப்பன் மௌத்தான வீட்டில், இனி எல்லோருக்கும் எல்லாமாக நான் இருப்பேன் என்று அந்தச் சிறுவன் மனதில் உறுதியெடுக்கும் இடம் வந்தது. மில்லின் கண்கள் கலங்கின. நான் மரக்கட்டை அல்ல என்று அப்போது தெரிந்தது என்கிறார். பிறகு 1828 இல் வேர்ட்ஸ்வர்த்தின் கவிதைகளைக் கையில் எடுத்தார். மலைகளையும் எளிய மனிதர்களையும் அமைதியையும் பாடும் கவிதைகள் அவை. வாசித்தபோது, எல்லா மனிதரும் பங்குகொள்ளக்கூடிய, போட்டியும் குறைபாடும் இல்லாத ஓர் இன்ப ஊற்று இருக்கிறது என்று உணர்ந்தார்.

இந்த அனுபவத்தைப் பெந்தமின் ஏழு கேள்விகளுக்குள் போட்டுப் பாருங்கள். அழுத்தம், நேரம், நிச்சயம் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு புள்ளி கொடுக்கலாம். ஆனால் மற்றைய இன்பங்கள் எல்லாம் செத்துக் கிடந்தபோது இது மட்டும் ஏன் ஆளையே எழுப்பிவிட்டது என்பதைப் புள்ளிகள் சொல்லாது. 1838 இல், பெந்தம் காலமாகி ஆறு வருடங்களுக்குப் பிறகு, மில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மரியாதையோடு எழுதினார். ஆனால் அந்தப் பெரிய மனிதருக்கு மனித மனத்தின் பல அறைகள் தெரியாமலே போய்விட்டன என்றார். குண்டூசியும் கவிதையும் ஒன்று என்ற வாசகம் உலகம் முழுதும் பரவியது, மில் அதைச் சுருக்கிச் சொன்ன வடிவத்தில்தான்.

இரண்டையும் அறிந்தவர் யார்?

1861 இன் கடைசி மூன்று மாதங்களில் 'பிரேசர்ஸ் மெகசின்' என்ற லண்டன் சஞ்சிகையில் மில் பயன்பாட்டுவாதம் பற்றி மூன்று பகுதிகளாக எழுதினார். 1863 இல் அது நூலானது. பன்றி என்ற ஏச்சுக்கு அவர் பதில் அதில்தான் இருக்கிறது. மனிதர்களைக் கேவலப்படுத்துவது நாங்கள் அல்ல, நீங்கள்தான் என்று அவர் தொடங்குகிறார். இன்பம் என்றதும் பன்றி அனுபவிக்கும் இன்பம் மட்டும்தான் உங்கள் நினைவுக்கு வருகிறது. மனிதனுக்கு வேறு இன்பங்களும் உண்டே!

பிறகு தம் கோரிக்கையை வைக்கிறார். இன்பங்கள் அளவில் மட்டுமல்ல, தரத்திலும் வேறுபடுகின்றன. துணி வாங்கும்போது எத்தனை யார் என்று மட்டுமா பார்க்கிறோம்? துணியைத் தொட்டும் பார்க்கிறோம். மற்ற எல்லாவற்றிலும் தரம் பார்க்கும் நாம், இன்பத்தில் மட்டும் அளவைப் பார்த்தால் போதும் என்பது பொருந்தாத பேச்சு.

சரி, எந்த இன்பம் உயர்ந்த தரம் என்பதை யார் சொல்வது? படித்தவரா? அதிகாரமுள்ளவரா? மில்லின் விடை ஒரு சோதனை. இரண்டு இன்பங்களையும் உண்மையாக அனுபவித்து அறிந்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் எல்லோரும், அல்லது ஏறக்குறைய எல்லோரும், கடமை என்பதற்காக அல்லாமல் ஒன்றையே தெளிவாக விரும்பினால் அதுவே மேலானது. எவ்வளவு மேல்? அதனால் கூடுதலான மனக்குறை வரும் என்று தெரிந்தும், மற்றதை எவ்வளவு அள்ளித் தந்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னால், அங்கே வேறுபாடு அளவில் அல்ல, தரத்தில்.

இந்தச் சோதனையைப் பலரும் பிழையாகப் பயன்படுத்துகிறார்கள். ஓர் உதாரணம் எடுப்போம். கரமும் விளையாடுவார், நாவலும் வாசிப்பார், அப்படி ஒருவர். நாள் முழுதும் கடையில் நின்றுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வருகிறார். "இப்ப கரமா, நாவலா?" என்று கேட்டால் கரம் என்பார். அதை வைத்து நாவல் தோற்றது என்று சொல்ல முடியாது. மில்லின் கேள்வி இன்றிரவைப் பற்றியது அல்ல. அவரிடம் இப்படிக் கேட்க வேண்டும்: "கரம் ஆடும் சந்தோசத்தை நினைத்த அளவுக்குத் தருகிறோம். பதிலாக, கதையொன்றை வாசித்து உருகும் ஆற்றலை உங்களிடமிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுகிறோம். சம்மதமா?" இப்போது அவர் தயங்குவார். எதைக் கொடுத்தாலும் முடியாது என்பார். அந்தத் தயக்கத்தில்தான் தரம் தெரிகிறது.

மில்லின் சொந்த உதாரணங்களும் இப்படித்தான். மிருகத்துக்குரிய இன்பம் முழுவதும் தருகிறோம் என்றாலும் எந்த மனிதனும் மிருகமாக மாறச் சம்மதிக்க மாட்டான். தன்னைவிட முட்டாள் நிம்மதியாக இருக்கிறான் என்று கண்டாலும் அறிவுள்ளவன் முட்டாளாகச் சம்மதிக்க மாட்டான். மனச்சாட்சி உள்ளவன் கயவனாக மாட்டான். இங்கே மில் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறார்: மகிழ்ச்சி வேறு, திருப்தி வேறு. சின்னக் கோப்பை சீக்கிரம் நிறைந்துவிடும். பெரிய பாத்திரம் எப்போதும் கொஞ்சம் குறையாகவே இருக்கும். குறையாக இருக்கிறது என்பதற்காகப் பாத்திரத்தைக் கோப்பைக்கு மாற்ற, இரண்டையும் அறிந்தவர் இணங்க மாட்டார். மனக்குறையோடு வாழ்ந்த சோக்கிரதீஸைக் கவலையற்ற மூடனுக்கு மேலாக வைக்கும் அவருடைய புகழ்பெற்ற ஒப்பீட்டின் சாரம் இதுதான்.

வாடிப்போகும் செடி

உடனே ஒரு மறுப்பு வரும். இரண்டையும் அறிந்தவர்களே கீழான இன்பத்துக்குப் போய்விடுகிறார்களே! பாடசாலைக் காலத்தில் கவிதை எழுதிய எத்தனை பேர் இன்று ஒரு புத்தகமும் தொடுவதில்லை?

மில் இதை மறைக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை, அந்த நூலில் ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய இடம் இதற்கு அவர் சொல்லும் விடைதான். உயர்ந்த உணர்வுகளுக்கான ஆற்றல் மிகவும் மென்மையான ஒரு செடி என்கிறார். பகையான சூழல் மட்டுமல்ல, வெறும் பராமரிப்பின்மையே அதைக் கொன்றுவிடும். இளம் வயதில் அந்த ஆற்றல் பலரிடம் இருக்கிறது. பிறகு அவர்கள் செய்ய நேர்ந்த தொழிலும், பழக நேர்ந்த கூட்டமும் அதற்குத் தண்ணீர் விடுவதில்லை. நேரமும் வாய்ப்பும் இல்லாததால் ரசனை போகிறது. பின்னர் கையில் கிடைப்பது எதுவோ அதில் ஒதுங்குகிறார்கள். அவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கீழானதைத் தெரிவு செய்தவர்கள் அல்ல. தெரிவு செய்ய வந்த நேரத்தில் அவர்களிடம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

இதன் கருத்து பெரியது. ஒருவர் எதை விரும்புகிறார் என்பதை மட்டும் வைத்து அவருக்கு எது நல்லது என்று முடிவு கட்ட முடியாது. அவர் விருப்பம் எந்த நிலத்தில் வளர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். எண்ணிக்கை அந்த நிலத்தைக் காட்டாது.

தராசு உடைந்துவிட்டதா?

மில்லின் வாதத்தில் ஓட்டை இல்லையா? இருக்கிறது. அவருக்குப் பின் வந்தவர்கள் விட்டுவைக்கவும் இல்லை. ஹென்றி சிட்விக் 1874 இலும், ஜி. ஈ. மூர் 1903 இலும் வெளியிட்ட நூல்களில் இந்த இடத்தைப் பிடித்தார்கள். அவர்கள் வாதத்தை எங்கள் மொழியில் சொன்னால் இப்படி வரும். நீங்கள் கையில் வைத்திருப்பது நிறை பார்க்கும் தராசு. இப்போது நிறத்தையும் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். நல்லது, பாருங்கள். ஆனால் நிறம் முக்கியம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, "நிறை மட்டும்தான் கணக்கு" என்று சொல்ல முடியாதே! இன்பம் ஒன்றே நல்லது என்பதுதான் கொள்கை என்றால், உயர்ந்த இன்பம் என்பதற்குக் கூடுதலான இன்பம் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இருக்க முடியாது. வேறு அர்த்தம் இருக்கிறது என்றால், இன்பம் அல்லாத ஏதோ ஒன்றையும் நீங்கள் நல்லது என்று உள்ளே எடுத்துவிட்டீர்கள். அது கண்ணியமாக இருக்கலாம். ஆனால் அது பயன்பாட்டுவாதம் அல்ல.

இது பலமான அடி. ஆனாலும் மில்லிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை அவர் அந்த நூலிலேயே சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். பெந்தம் சொன்ன அந்தத் தராசு உண்மையில் எங்கே இருக்கிறது? பல்வலி பெரிதா, தலைவலி பெரிதா என்று நிறுத்துச் சொல்ல எந்தக் கருவி உண்டு? இரண்டையும் பட்ட ஆளைத்தான் கேட்க வேண்டும். ஆக, அளவையும் சாட்சிகளின் வாயிலிருந்துதான் அறிகிறோம். அளவுக்கு அந்தச் சாட்சியை நம்பும் நாம், தரத்துக்கும் அதே சாட்சியை ஏன் நம்பக் கூடாது?

இந்தப் பதில் மூரின் அடியை முழுதாகத் தடுக்கவில்லை என்பதே எங்கள் எண்ணம். உயர்ந்த இன்பத்தை நாம் ஏன் விடமாட்டோம் என்று கேட்டால், மில்லே கடைசியில் மனிதனின் கண்ணிய உணர்வு என்ற இடத்துக்குத்தான் வருகிறார். அது தராசில் ஏறும் பொருள் அல்ல. ஆனால் ஒரு கொள்கையின் விளிம்பைப் பாதுகாப்பதற்காகத் தான் பட்டு அறிந்ததை மறைப்பதைவிட, விளிம்பை உடைப்பது மேல் என்று அவர் தெரிவு செய்திருக்கிறார். 1826 இல் அவர் பட்டது அப்படி.

இன்னொரு குறையும் உண்டு, இது அவர் வாழ்க்கையிலிருந்தே தெரிகிறது. விடுமுறையும் விளையாட்டுத் தோழரும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை அவர். கைத்திறனும் உடல் பலமும் வேண்டிய எதுவும் தமக்கு வராமல் போனதைத் தம் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் குண்டூசிக்கும் கவிதைக்கும் நடுவராக இருக்க அவருக்குத் தகுதி உண்டா? அவருடைய சோதனையையே அவர் மீது வைத்தால், பாதித் தகுதிதான்! சோதனை பிழை என்று இதற்கு அர்த்தமல்ல. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் தன்னை அதன் முன் நிறுத்த வேண்டும்.

உயர்ந்தது என்பதற்காகத் திணிக்கலாமா?

ஒரு பயம் இயல்பானது. உயர்ந்த இன்பம், தாழ்ந்த இன்பம் என்று பிரித்தவுடன் யாராவது பிரம்போடு வந்துவிடுவார்கள். பெந்தம் பயந்ததும் இதற்குத்தான். ஆனால் மில் அந்தக் கதவை ஏற்கெனவே பூட்டியிருந்தார். 1859 இல் வந்த அவருடைய சுதந்திரம் பற்றிய நூலில், ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களின் கேளிக்கைகளைச் சட்டத்தால் நிறுத்த வேண்டும் என்று அன்றைய இங்கிலாந்தில் எழுந்த கோரிக்கையை அவர் எதிர்த்தார். தனக்குப் பிடிக்காத பொழுதுபோக்கை மற்றவனிடமிருந்து பறிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. தரம் உண்டு என்று சொன்னவரும் அவர்தான், தரத்தின் பெயரால் பறிக்காதே என்று சொன்னவரும் அவர்தான். செடிக்குத் தண்ணீர் விடலாம். இழுத்து வளர்க்க முடியாது.

திரும்பவும் எங்கள் கூட்டத்துக்கு

இப்போது தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்க்கிறோம்.

தம்பி, அறுபது பேர் வருவார்கள் என்ற உங்கள் கணக்கு சரி. அதைத் தள்ளிவிட முடியாது. அந்த அறுபது பேரின் சந்தோசமும் சந்தோசம்தான். வேலை முடிந்து வரும் ஒருவருக்கு இரவு மைதானம் என்ன தருகிறது என்பதை, ஓடி ஆடி இருபது வருடமான நாங்கள் இருந்த இடத்தில் இருந்து சொல்ல முடியாது. அந்த விஷயத்தில் நடுவர் நீங்கள்தான்.

ஆனால் மற்றப் பக்கத்தில் உங்களுக்கும் அதே குறை இருக்கிறது. வாசிகசாலை பூட்டி எத்தனை வருடம்? உள்ளே கறையான் மிச்சம் வைத்தவை பழைய வினாத்தாள் தொகுப்புகள்தான். உங்கள் வயதுப் பிள்ளைகள் இரண்டையும் ருசித்துவிட்டு மைதானத்தைத் தெரிவு செய்யவில்லை. ஒன்றுதான் கண்ணில் பட்டது. "எத்தனை பேர் வருவார்கள்?" என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் சின்ன எண்ணிக்கை, வாசிப்பின் பெறுமதியைக் காட்டவில்லை. நாங்கள் தண்ணீர் விடாத கணக்கைத்தான் காட்டுகிறது. அந்தக் கணக்கில் ஆசிரியர்களாகிய எங்கள் பங்குதான் கூட. பரீட்சைக்கு வராத ஒரு கதையை வகுப்பில் கடைசியாக எப்போது வாசித்துக் காட்டினோம் என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை.

ஹாஜியாருக்கும் ஒரு சொல். இரண்டும் ஒன்றல்ல என்று நீங்கள் சொன்னதில் மில் உங்கள் பக்கம். ஆனால் நீங்களும் நாங்களும் கடைசியாக முழுதாக வாசித்த புத்தகம் எது? அதைச் சொல்ல முடியாவிட்டால், நாம் சாட்சிக் கூண்டில் ஏறத் தகுதியில்லாதவர்கள்.

அடுத்த கூட்டத்தில் எங்கள் யோசனை இதுதான். பணம் வெளிச்சத்துக்கே போகட்டும். வாசிகசாலையின் சாவியை மட்டும் எங்களிடம் தாருங்கள். கறையானைத் துடைத்து, ஆளுக்குப் பத்துப் புத்தகம் வீட்டிலிருந்து கொண்டு வந்து அடுக்கி, விளையாடி முடித்து வருகிற பிள்ளை கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார ஒரு மேசையும் ஒரு லைட்டும் வைப்போம். ஒரு வருடம் போகட்டும். பிறகு இரண்டையும் அறிந்த பிள்ளைகளிடமே கேட்போம். அவர்கள் சொல்வது எங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் கேட்டுக்கொள்வோம்.